வாயோரக் கருப்பு

தென்காசியில் எபனேசர் அண்ணாச்சி ஸ்டுடியோவில் படம் எடுப்பது அவர், முகத்தைச் சரிசெய்வது நான். பெயர் ஹஃப்சா. பதினோரு வருஷமாக அந்த மாடியறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஊர் முகங்களைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். என் வேலையில் எனக்குக் கர்வம் உண்டு, மறைக்க மாட்டேன்.

‘வெள்ளையாக்கிரு’ என்று வந்து நிற்பவர்களைக் கண்டால் எரிச்சல்தான் வரும். சுண்ணாம்பு அடிக்க ஆள் வேண்டுமென்றால் பெயிண்ட் கடைக்குப் போகலாமே. நம்மூரில் பத்துப் பேரில் ஏழு பேருக்கு வாயைச் சுற்றியும் விரல் முட்டிகளிலும் கொஞ்சம் கருத்துத்தான் இருக்கும். நேரில் பார்த்தால் உறுத்தாது. ஸ்டுடியோ விளக்கு அதைத் தூக்கிக் காட்டிவிடும். அதைக் கன்னத்து நிறத்தோடு சேர்க்க வேண்டும், சேர்த்தது தெரியவும் கூடாது. வெளிச்சத்தை மட்டும் கூட்டினால் அந்த இடம் சாம்பல் பூசினதுபோல ஆகிவிடும், அதனால் கூடவே துளி சிவப்பும் மஞ்சளும் சேர்க்க வேண்டும். தோலின் துளைகளைத் தொடக்கூடாது. முட்டியின் மடிப்புக் கோடுகளை அழித்தால் கை மெழுகுக் கை ஆகிவிடும். எவ்வளவு கருப்பாக இருந்தாலும் மூன்றில் ஒரு பங்கை நான் விட்டுவைப்பேன். அப்போதுதான் ஆள் ஆளாக இருப்பாள்.

போன ஜூலையில், சாரல் பிடித்திருந்த ஒரு வாரத்தில், இசக்கிதுரை வந்தார். குத்துக்கல்வலசைக்காரர். போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர், ஊரே ஏட்டையா என்றுதான் கூப்பிடும். இளைய மகள் இசக்கிச்செல்விக்கு வரன் பார்க்கிறார்கள், மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் படம் வேண்டும் என்றார். மூத்தவள் முத்துச்செல்விக்கும் மூன்று வருஷத்துக்கு முன்னால் நாங்கள்தான் படம் எடுத்தோம். நிச்சயம் ஆகி, தேதி குறித்து, கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவள் செத்துப்போனாள். ஒருநாள் காய்ச்சலும் வாந்தியும் வந்தது, மறுநாள் இல்லை. அந்த வரன் படத்தையே பெரிதாக்கி மாலை போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறார்கள்.

“மூத்தவ படம் மாதிரியே வேணும் பாப்பா. அதே களை,” என்றார் ஏட்டையா.

குற்றாலத்தில் ஐந்தருவிப் பக்கம் பூங்காவில் படம் எடுத்தோம். முகத்தில் வெளிச்சம் திருப்பும் அட்டையைப் பிடிக்க நானும் போயிருந்தேன். இருபது படி ஏறியதும் அந்தப் பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எழுந்தால் கண் இருட்டுகிறது என்றாள். அவளுடைய அப்பா மாங்காய்க் கீற்று வாங்கிக் கொடுத்தார். மாங்காயை அப்படியே வைத்துவிட்டுத் தாளில் இருந்த உப்பை மட்டும் தொட்டுத் தொட்டு நக்கினாள். சாப்பாட்டைக் குறைத்து உடம்பைக் குச்சியாக்குகிற பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன், இவளும் அந்தக் கட்சிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் படத்தைத் திறந்தேன். வெளியே தூறிக்கொண்டிருந்தது. வாயைச் சுற்றி நல்ல கருப்பு, முட்டிகளில் அதைவிட. கைகளை மடியில் ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கச் சொல்லித்தான் அண்ணாச்சி எல்லாரையும் எடுப்பார், அக்காளும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். எனக்குச் சோம்பல் வந்தது. பழைய கோப்பைத் திறந்து, அக்காளுக்குப் போட்ட திருத்தத்தை அப்படியே இழுத்துத் தங்கை படத்தின்மேல் போட்டேன். கொஞ்சம் திருப்பி, கொஞ்சம் சுருக்கி வைத்துப் பார்க்கலாம், மிச்சத்தைக் கையால் தடவிக்கொள்ளலாம் என்று கணக்கு.

மிச்சம் எதுவும் இல்லை.

முகவெட்டு வேறு. அக்காள் அம்மா சாயல், தங்கை அப்பா சாயல். கருப்பு மட்டும் ஒன்று. வாயின் இடது ஓரத்தில் கொஞ்சம் கீழே வழிந்த இடம், கீழுதட்டுக்கு அடியில் உள்ள பள்ளம், சுண்டுவிரல் முட்டியில் அதிகமாக அப்பியிருந்தது எல்லாம் ஒன்று. எந்த இடத்தில் எவ்வளவு திருத்தம் விழ வேண்டும் என்று தூரிகையால் தடவி வைப்பதற்கு மாஸ்க் என்று பெயர். அதைத் தனியாகத் திரையில் வரவழைத்தேன். முழுக்க இருட்டு. நடுவில் முகமில்லாமல் ஒரு வாய் வெளுப்பாக மிதந்தது. கீழே, கையில்லாமல் எட்டு முட்டிகள். மூன்று வருஷத்துக்கு முன்னால் என் கையாலேயே தடவியதுதான். ஆனாலும் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டேன். பேய் பிசாசு என்று யாராவது பேசினால் வாயைக் கிளறிக் கேலி செய்கிறவள் நான். அன்றைக்கு அந்த வாய் என்னிடம் ஏதோ சொல்லப்போகிறது என்று பயந்தேன்.

அக்காளின் கோப்பில் திருத்தங்கள் அடுக்கடுக்காக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் நான் பெயர் வைத்திருப்பேன். வாய். முட்டி. கழுத்து. நான்காவதாக ஒன்று, ‘ஈறு’. அது எனக்கு மறந்தே போயிருந்தது. சிரிப்பில் ஈறு கருப்பாகத் தெரிந்திருக்கிறது, நிழல் என்று நினைத்து அதையும் சிவப்பாக்கியிருக்கிறேன். தங்கை படத்தைப் பெரிதாக்கினேன். அவளும் சிரித்திருந்தாள். ஈறில் மை தொட்டு வைத்ததுபோலத் திட்டு.

அதற்கு முந்தின வருஷம் தங்கைக்குப் பட்டமளிப்புப் படம் எடுத்ததும் நாங்கள்தான். அதைத் தேடி எடுத்தேன். ஒரே ஒரு திருத்தம், நெற்றியில் ஒரு பரு. வாயோரம் கன்னத்து நிறத்திலேயே இருந்தது. முட்டியும் அப்படித்தான். அதே கேமரா, அதே விளக்கு. ஒரு வருஷத்துக்குள் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஷிஃபா என் மைனி, அண்ணன் பெண்டாட்டி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவளுக்குத் திருத்தாத படத்தை, யார் என்று சொல்லாமல், அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். உள்ளங்கை ரேகை கருத்திருக்கிறதா, எழுந்தால் தலை சுற்றுகிறதா, மெலிந்திருக்கிறாளா, உப்பு கேட்கிறாளா என்று வரிசையாகக் கேட்டாள். உள்ளங்கையைப் பார்க்கவில்லை, மற்றதெல்லாம் உண்டு, கருப்பும் ஒரு வருஷத்துக்குள் வந்தது என்றேன்.

“ஏட்டி ஹஃப்சா, எல்லார் கருப்பும் சீக்கு இல்ல,” என்றாள். “ஆனா இது புதுசா வந்து, ஈறும் கருத்து, உப்பும் கேட்டா விடக்கூடாது. கிட்னிக்கு மேல ஒரு சுரப்பி இருக்கு. அது வேலை செய்யலன்னா இப்படித்தான் ஆகும். ரத்தம் குடுத்தா தெரிஞ்சிரும், மாத்திரை இருக்கு. தெரியாம இருந்தா ஒரு காய்ச்சலுக்குத் தாங்காது. கூடப்பொறந்தவங்க யாருக்காவது இருந்துச்சா?”

காய்ச்சலும் வாந்தியும் ஒருநாள். மறுநாள் இல்லை.

ஏட்டையாவைக் கூப்பிட்டுப் படத்தில் ஒரு சந்தேகம், மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன். சாயங்காலம் நான்கு மணிக்கு இருவரும் நனைந்தபடி மாடியேறி வந்தார்கள். அவள் ஏறி முடிக்க நேரமானது. நான் சுற்றி வளைக்கவில்லை. மகளுக்குக் கருப்பு கூடியிருக்கிறது, டாக்டரிடம் காட்டுங்கள், மூத்தவளுக்கும் இதேதான் இருந்தது என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்குப் பயம் குறைந்திருக்கும். பிள்ளையைத் திருத்துகிறமாதிரிப் பொறுமையாகச் சொன்னார்.

“மூத்தவளுக்கு ஒரு கருப்பும் கிடையாதும்மா. தெனமும் காலையில அவ முகத்துலதான் முழிக்கேன். எனக்குத் தெரியாதா?”

அவர் பொய் சொல்லவில்லை. இருபத்து மூன்று வருஷம் வளர்த்த மகளின் முகம் அவருக்குள் இல்லை. மூன்று வருஷமாக விளக்கேற்றிப் பார்க்கிற என் படம்தான் இருக்கிறது. நான் மூன்றில் ஒரு பங்கு விட்டுவைத்ததால்தான் அது படம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. சுண்ணாம்பு அடித்திருந்தால் ஒருநாளாவது சந்தேகப்பட்டிருப்பார். இயற்கையாக இருக்க வேண்டும் என்று நான் பட்ட பாடுதான் அந்த வீட்டில் மகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

முத்துச்செல்வியின் கோப்பைத் திரையில் திறந்தேன். வீட்டுச் சுவரில் இருக்கிற முகம். ஏட்டையா தலையை ஆட்டினார், இவள்தான் என்பதுபோல.

ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் ஒரு கண் படம் இருக்கும், அதைத் தொட்டால் அந்தத் திருத்தம் மறைந்துவிடும். ‘கழுத்து’ என்பதைத் தொட்டேன். ‘முட்டி’யைத் தொட்டேன். மடியில் இருந்த விரல்களில் கருப்பு ஒவ்வொரு முட்டியாக வந்து ஏறியது. ‘வாய்’. உள்ளேயிருந்து கசிகிறமாதிரி உதட்டைச் சுற்றி இருள் வந்தது. கடைசியாக ‘ஈறு’. செத்துப்போன பெண் கருத்த ஈறு தெரிய எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

ஏட்டையா திரைக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் கையைக் கொண்டுபோய் நிறுத்தினார். தொடவில்லை.

“இவதான்,” என்றார். “கடைசில இப்படித்தான் இருந்தா. எப்படி மறந்தேன்?” என்றார். அப்புறம் என்னைப் பார்க்காமலே, “மூடிரும்மா. பாக்க முடியல,” என்றார்.

நான் சுட்டியை நகர்த்தினேன். பின்னாலிருந்து இசக்கிச்செல்வி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன. அந்த முட்டிகள் திரையில் இருந்த முட்டிகளேதான்.

“மூடாதீங்கக்கா,” என்றாள். “அவளும் ராத்திரி எந்திரிச்சு உப்பு ஜாடியில கைய விடுவா. நான் பாத்திருக்கேன். இப்ப நான் விடுதேன். யார்கிட்டயும் சொல்லல.”

அன்றைக்கே திருநெல்வேலிக்குக் கார் பிடித்துப் போனார்கள். வழியில் ஆலங்குளம் தாண்டியதும் அவளுக்கு வாந்தி தொடங்கிவிட்டதாம். ஆஸ்பத்திரியில் இரத்த அழுத்தம் பார்த்தவர்கள் ஓடியிருக்கிறார்கள். சலைனும் ஊசியும் ஏற்றி இரண்டு நாள் தனி அறையில் வைத்திருந்தார்கள். ஷிஃபா சொன்ன சீக்குதான். மூன்றாம் நாள் காலையில் அவள் எழுந்து உட்கார்ந்து இட்லி தின்றாள் என்று எபனேசர் அண்ணாச்சி வந்து சொன்னபோது நான் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன்.

அன்று மத்தியானம் ஏட்டையா போன் செய்தார். டாக்டர் மூத்தவளுடைய படத்தைப் பார்க்கக் கேட்கிறார், திருத்தாததை அனுப்பு என்றார். எல்லாக் கண்களையும் மூடிவிட்டு அனுப்பினேன். போனை அவர் வைக்கவில்லை. அந்தப் பக்கம் டாக்டர் பேசுவது கேட்டது. படம் எடுத்த தேதி கேட்டார், ஏட்டையா சொன்னார். அவள் இறந்த தேதி கேட்டார். அதையும் சொன்னார். நடுவில் நான்கு மாதம்.

“நாலு மாசமா,” என்றார் டாக்டர். “இவ்வளவு தெளிவா இருக்கே. ஒருத்தர் கண்ணுலகூடவா படல?”

நான் கேட்டுக்கொண்டிருப்பது ஏட்டையாவுக்குத் தெரியும்.

“ஸ்டுடியோவுல ஒரு பிள்ள பாத்துச்சு டாக்டர்,” என்றார். “நல்லா உத்துப் பாத்துச்சு.”