மேல் வலது மூலை

அவளுக்கு வேலையே இரண்டு படங்களை ஒரே திரையில் பார்ப்பதுதான். நேரலைச் செய்திக்கு எழுத்து வரி போடுகிறவள். மடிக்கணினியிலிருந்து வரும் படம் மானிட்டர் முழுவதும் பரவியிருக்கும். அதில்தான் தட்டச்சு. மேல் வலது மூலையில் ஒரு சின்னச் சதுரம். அதில் செட்டாப் பெட்டியிலிருந்து வரும் சேனல். தான் அடித்த வரி அங்கே போய் ஒழுங்காக உட்கார்ந்ததா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வாள். ஏழு வருடமாக இப்படித்தான். அந்தச் சதுரம் இல்லாத திரையைப் பார்த்தால் பொட்டில்லாத முகம் மாதிரி இருக்கும் அவளுக்கு.

அன்று விடுமுறை. செட்டாப் பெட்டியின் கேபிளைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் அப்பாவின் பழைய வீடியோ கேமராவைச் செருகினாள். நேராகச் செருக முடியாது. மஞ்சளும் வெள்ளையுமாக இரண்டு ஒயர்கள் கேமராவிலிருந்து ஒரு குட்டிப் பெட்டிக்குப் போயின. பெட்டியிலிருந்து மானிட்டருக்கு ஒரு கேபிள். ரிப்பேர்க்காரர் கேமராவைத் திருப்பிக் கொடுக்கும்போதே சொல்லியிருந்தார்: "பெல்ட்டு போற நிலைமைல இருக்கும்மா. ஒருதடவை ஓடும், ரெண்டு தடவை ஓடும். மூணாவது தடவை டேப்பைத் தின்னுடும். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

மடிக்கணினியில் அண்ணன் காத்திருந்தான். கடல் தாண்டிப் போய் இருபத்தாறு வருடம். தலையில் பாதி போய்விட்டது, மீதி நரைத்துவிட்டது.

"என்ன வாலு, இன்னும் ஒயரையே நோண்டிட்டு இருக்கியா?" என்றான். சின்ன வயதில் அவன் பின்னாலேயே திரிந்ததால் வந்த பெயர்.

"இருண்ணா. உனக்கென்ன, உக்காந்த இடத்துல படம் பாக்கப் போற."

சிரித்தான்.

அப்பாவின் அலமாரியைக் காலி செய்தபோது கிடைத்த டேப் அது. அவருடைய கோழிக்கிறுக்கலில் 'பெரியவன் கிளம்பின நாள்' என்று எழுதியிருந்தது. அந்த நாளைப் பற்றி அண்ணன் அவளிடம் ஒரே ஒருதடவைதான் பேசியிருக்கிறான், அம்மா இறந்த வருடம். 'வாசல் வரைக்கும்கூட வரலையே வாலு. அவ்வளவு கோவமா என் மேல?' போக வேண்டாம் என்று அம்மா மூன்று நாள் பேசாமல் இருந்தது உண்மை. வாசலுக்கு வராததும் உண்மை. பதினாலு வயதில் அவள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். அம்மாவிடம் ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சில கேள்விகளை நாளைக்குக் கேட்கலாம் என்று வைத்துக்கொண்டே வந்தால், கேட்க வேண்டிய ஆள் இருக்க மாட்டார்.

மானிட்டரின் பின்னால் பொத்தானைத் தடவி மெனுவை எடுத்தாள். சின்னச் சதுரத்துக்கு இரண்டாவது இணைப்பு. ஒலியும் அதிலிருந்தே. அண்ணனின் குரல் மடிக்கணினியின் சொந்த ஸ்பீக்கரில் வந்தது, அதனால் மோதல் இல்லை. பிறகு அழைப்பில் 'திரையைப் பகிர்' என்பதை அழுத்தினாள்.

"வாலு, எனக்கு இங்க…"

"பேசாதண்ணா. ஓட ஆரம்பிச்சிடுச்சு. நிறுத்தி நிறுத்தி ஓட்டினா டேப்பு அறுந்துடும்."

அவன் வாயை மூடிக்கொண்டான்.

சதுரத்தில் கோடுகள் ஓடின, பிறகு தெரு வந்தது. அந்தத் தெரு. இப்போது அங்கே வேறு யாரோ கட்டிய நாலு மாடி நிற்கிறது. பழைய பச்சைக் கேட், ஒருபக்கம் சாய்ந்த தபால் பெட்டி, அவளுடைய செயின் கழன்ற சைக்கிள். எல்லாம் மேலேயிருந்து தெரிந்தன. அப்பா டாக்சி டிக்கியில் பெட்டியைத் திணித்துக்கொண்டிருந்தார். ரெட்டைப் பின்னலோடு ஒரு குச்சிப் பெண் அண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். நான்தானா இது என்று அவள் திரைக்கு அருகே குனிந்தாள். உள்ளங்கை அகலப் படத்தில் முகங்கள் அரிசி மணி அளவே இருந்தன. அவள் கண் வாசலையே தேடியது. வாசல் காலியாகத்தான் இருந்தது. டாக்சி நகர்ந்தது. இருபத்தாறு வருடத்துக்கு அப்புறமும் அம்மா வரவில்லை.

படம் முடிந்து நீலமானது. "அம்மா இதுல இல்லண்ணா," என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

மடிக்கணினியிலிருந்து கரகரத்த குரல் வந்தது: "இருக்காங்க வாலு. முழுக்க இருக்காங்க."

"எங்க?"

"நீ படத்தைப் பாத்துட்டு இருந்த. எனக்குப் படமே வரல."

"வரலையா?"

"உன் கம்ப்யூட்டர் திரை வந்துச்சு. அதுக்குள்ள என் மூஞ்சி, அதுக்குள்ள இன்னொரு என் மூஞ்சி. மூலைல உன் வால்பேப்பர் பூனை. சொல்ல வந்தேன், நீதான் அதட்டின. சரின்னு கண்ணை மூடிட்டு சத்தத்தை மட்டும் கேட்டேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. எவ்வளவு பெரிய மடத்தனம். அந்தச் சதுரத்தை மானிட்டர்தான் தன் கையால் ஒட்டுகிறது. மடிக்கணினிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தெரியாததை அது எப்படிப் பகிரும்? ஏழு வருடமாக இரண்டையும் ஒன்றாகவே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது தோன்றவே இல்லை.

"என்ன சத்தம் கேட்ட?"

"அப்பா கத்துறது எங்கயோ தூரத்துல. டாக்சி தூரத்துல. ஆனா ஒரு மூச்சு மட்டும் ரொம்பப் பக்கத்துல. கடைசில மெதுவா, 'மேல பாருடா, ஒருதடவை மேல பாரு'ன்னு."

மேலேயிருந்து எடுத்த படம். மாடி ஜன்னல். கேமராவைத் தொடவே பயம் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த அம்மா.

"நான் திரும்பிப் பாத்தேனா வாலு? நீதான் படத்தைப் பாத்த. சொல்லு."

பார்த்தாய் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. அவள் அதை விழுங்கினாள். "தெரியலண்ணா. நான் வாசலைத்தான் பாத்தேன். இன்னொருதடவை ஓட்டறேன். நீயே பாரு."

"தின்னுடுமே?"

"ரெண்டு தடவை ஓடும்னாரு."

இந்தமுறை மெனுவில் இரண்டையும் இடம் மாற்றினாள். தெரு திரை முழுக்க விரிந்தது, மடிக்கணினி மூலைச் சதுரத்துக்குப் போனது. சின்னச் சதுரத்தின் ஒலி என்றிருந்ததைப் பெரிய படத்தின் ஒலி என்று திருத்தவும் மறக்கவில்லை. திரைப் பகிர்வை நிறுத்திவிட்டு, மடிக்கணினியைத் தூக்கி மடியில் வைத்து, அதன் கேமராவை மானிட்டர் பக்கம் திருப்பினாள்.

"தெரியுதா?"

"சாஞ்சு தெரியுது. பரவால்ல, போடு."

டேப் முனகிக்கொண்டே பின்னால் சுற்றி, மறுபடி ஓடியது. பெரிதானதும் படம் புள்ளி புள்ளியாக உடைந்தது, ஆனாலும் இப்போது ஆட்கள் ஆட்களாகத் தெரிந்தார்கள். டாக்சி கதவைத் திறந்த பையன் நின்றான். வாசலைப் பார்த்தான். உள்ளே உட்கார்ந்தான். மறுபடி இறங்கி, ஷூ லேஸைக் கட்டுகிற சாக்கில் குனிந்து, வாசலைப் பார்த்தான். வண்டி நகர்ந்ததும் ஜன்னலில் தலையை நீட்டி, கேட் கண்ணிலிருந்து மறையும்வரை வாசலையே பார்த்துக்கொண்டு போனான்.

'மேல பாருடா,' என்றது அந்த மூச்சு. 'ஒருதடவை மேல பாரு.'

இப்போது அவளுக்கும் கேட்டது.

"வாசலைத்தான் பாத்திருக்கேன்," என்றான் அண்ணன். "அங்கதான் வருவாங்கன்னு."

"ஆமாண்ணா."

"மூணு தடவை பாத்திருக்கேன்."

"அவங்களும் அதைப் பாத்திருக்காங்கண்ணா. எடுத்ததே அவங்கதானே."

கேமராவுக்குள் ஏதோ கடக்கென்று இழுபட்டது. படம் நடுங்கி, தெருமுனையில் டாக்சி பாதி திரும்பிய நிலையில் அப்படியே நின்றது. தின்றுவிட்டது. அவள் கை பொத்தானுக்குப் போகவில்லை.

மேல் வலது மூலையில், சின்னச் சதுரத்துக்குள், நரைத்த அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். மாட்டிக்கொண்டு, மெதுவாகத் தலையைத் தூக்கினான்.