பிப்ரவரி முப்பத்தொன்று

நான் வேலை பார்த்த சாஸ் கம்பெனியில் எனக்கு பாய்லர் அடியில் இடம். என் மனைவிக்கு தேதி மிஷினில். யாருடைய வேலை பெரிது என்று வீட்டில் பேச்சு வந்ததே இல்லை. எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

பாட்டில் மூடியில் இரண்டு வரி அச்சடிப்பதுதான் அவள் வேலை. மேல் வரி தயாரித்த தேதி, கீழ் வரி பயன்படுத்தக் கடைசி தேதி. மிஷினுக்குள் நாளுக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று, வருஷத்துக்கு ஒன்று என்று எஃகுச் சக்கரங்கள் இருக்கும். விரலால் திருப்பி நிறுத்த வேண்டும். அது யோசிக்கிற மிஷின் இல்லை. எதை நிறுத்துகிறோமோ அதை அடிக்கும்.

ஆரம்பத்தில் நாங்கள் ஜாம்தான் போட்டுக்கொண்டிருந்தோம். ஜாமுக்குப் பன்னிரண்டு மாதம். நாளையும் மாதத்தையும் தொடாமல் கீழ் வரியில் வருஷச் சக்கரத்தை மட்டும் ஒரு பல் தள்ளிவிட்டால் கணக்கு முடிந்தது. அவள் கை அதற்கே பழகிவிட்டது. அப்புறம் முதலாளிக்கு தக்காளி சாஸ் ஆசை வந்தது. அதற்கு ஆயுள் ஆறு மாதம். முதல் சரக்கு இறங்கிய நாள் ஆகஸ்ட் முப்பத்தொன்று.

எட்டும் ஆறும் பதினாலு. பன்னிரண்டு போனால் இரண்டு. அப்படியானால் பிப்ரவரி, வருஷம் ஒன்று கூட. சரியாகத்தான் எண்ணினாள். மாதத்தைத் திருப்பினாள், வருஷத்தைத் திருப்பினாள். நாளைத் தொட்டுப் பழக்கமில்லை. அன்றைக்குப் பூராவும் எங்கள் சாஸ் பிப்ரவரி முப்பத்தொன்று என்று மூடி போட்டுக்கொண்டு வரிசையாக வெளியே வந்தது.

மறுநாள் காலையில் கண்டுபிடித்தவர் என் மச்சான். அவளுக்கு உடன்பிறந்த அண்ணன், கம்பெனிக்குத் தரப் பரிசோதகர். சொந்தத் தங்கை கல்யாணத்திலேயே பாயசத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பந்தியில் உட்கார்ந்தவர்.

"ஏம்மா, பிப்ரவரிக்கு எத்தனை நாளு?"

"இருபத்தெட்டு. ஏண்ணே?"

அவர் மூடியைக் காட்டினார். அவள் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

"போய்ச் சேர்ற மாசத்துல அந்த நாளு இல்லைன்னா, அந்த மாசத்தோட கடைசி நாளுல நிக்கணும். இருபத்தெட்டுனு போட்டிருக்கணும். லீப் வருஷமா இருந்தா இருபத்தொம்பது. வர்ற வருஷம் அதுவும் கிடையாது."

"தெரியும்ணே. பழக்கத்துல கை போயிருச்சு."

மூடி மையை அழிக்க முடியாது. பக்கத்தில் இன்னொரு தேதி அடிக்கலாமென்றால், ஒரே மூடியில் இரண்டு தேதி இருக்கிற சரக்கை மச்சான் வெளியே விடமாட்டார். முதலாளி வந்து பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் பின்கட்டு அறையில் அடுக்கச் சொன்னார். "இதைக் கொட்டுற அன்னைக்கு நீ பாட்டில் கழுவுற பக்கம் போயிரணும்" என்றார் அவளிடம். சத்தமே போடவில்லை. கொட்டுவதற்கு மனசு வராத மனிதர். அதனால் மாதங்கள் போயின. அவள் தினமும் மிஷினில் உட்கார்ந்தபடி பின்கட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் குழம்பில் உப்பு இருக்காது. நானே போட்டுக்கொள்வேன்.

எங்கள் சாஸ் தேதிக்கு மரியாதை கொடுக்கிற சாஸ். இதை நான் எங்கேயும் சத்தியம் செய்வேன். செப்டம்பர் ஒன்றில் போட்டதற்கு மார்ச் ஒன்று என்று ஒழுங்காக அடித்திருந்தது. அதில் மச்சான் சோதனைக்கு எடுத்து வைத்திருந்த பாட்டில் மார்ச் ஒன்று ராத்திரி வரை கல் மாதிரி இருந்தது, இரண்டாம் தேதி காலையில் புளித்து மூடியைத் தூக்கியது. மச்சான் அதைக் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தின நாள் சரக்கு என்ன கதியோ என்று மூக்கைப் பொத்திக்கொண்டு பின்கட்டைத் திறந்தார்.

ஒரு நுரை இல்லை. மூடி திறந்ததும் காலையில் பறித்த தக்காளி வாசனை. அவர் கரண்டியில் எடுத்து நக்கினார். கீழே உட்கார்ந்துவிட்டார்.

"மாப்பிள்ளை, இது இன்னும் காத்துக்கிட்டு இருக்கு" என்றார் என்னிடம்.

"எதுக்கு மச்சான்?"

"முப்பத்தொண்ணுக்கு."

ஏப்ரலில் பார்த்தோம், இன்னும் கொஞ்சம் சிவந்திருந்தது. அறைக்குள் ஓர் ஈ வராது, ஒரு எறும்பு ஏறாது. பாய்லர் ஆட்கள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக ஆரம்பித்தார்கள். யாரும் சொல்லவில்லை, தானாகவே கழற்றினார்கள். பேசுகிறவர்கள் ரகசியம் மாதிரிப் பேசினார்கள். நானும் ஒருநாள் நின்றேன். அத்தனை பாட்டிலும், வராத ஒரு நாளை எதிர்பார்த்து, ஆடாமல் அசையாமல் நின்ற நிற்பைப் பார்த்ததும் தோள் துண்டை இறக்கி இடுப்பில் கட்டிக்கொண்டேன்.

மே மாதம் கடைசி நாள் முதலாளி தேதி மிஷினுக்கு வந்தார். முகத்தில் புது மாப்பிள்ளைக் களை.

"இனிமே எல்லாத்துக்கும் பிப்ரவரி முப்பத்தொண்ணுதான். ஜாமுக்கும் சேர்த்து."

"நான் போட மாட்டேன் ஐயா" என்றாள் என் மனைவி.

"தப்பாப் போட்டப்போ போட்டியே. இப்போ நான் சொல்றேன், போடு. இல்லைன்னா பாட்டில் கழுவப் போ."

"எங்கண்ணனைக் கேளுங்க."

மச்சான் கதவோரம் ஒட்டிக்கொண்டு நின்றார். ஆள் பாதியாகியிருந்தார். "மார்ச்சுல ஒரு கரண்டி நக்கினேன் ஐயா" என்றார். "இன்னும் நாக்குலயே இருக்கு. காபி குடிச்சாலும் தக்காளி, மருந்து குடிச்சாலும் தக்காளி. வயித்துக்குள்ள இறங்கினதும் அப்படியே கிடக்குது, செரிக்க மாட்டேங்குது. ஏப்பம் விட்டா புதுசா வருது."

முதலாளி மச்சானின் வயிற்றைப் பார்த்தார்.

"முடிவே இல்லாததை ஒரு குழந்தை வாயில எப்படிய்யா வைக்கிறது" என்றாள் அவள். "தேதி நான் வச்சது. நானே முடிச்சு வைக்கிறேன்."

பின்கட்டிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துவரச் சொன்னாள். மாதச் சக்கரம் பிப்ரவரி, வருஷச் சக்கரம் இந்த வருஷம். பிறகு நாள் சக்கரத்தில் விரலை வைத்தாள். முப்பத்தொன்று, முப்பது, இருபத்தொன்பது. ஒவ்வொரு பல்லாகத் தட்டி இருபத்தெட்டில் நிறுத்தினாள். மூடியில், பழைய தேதிக்குப் பக்கத்தில், ஒரே அடி.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் பாட்டிலுக்குள் யாரோ பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம். சிவப்பு மங்கியது, பழுப்பானது, நுரை ஏறியது. மார்ச், ஏப்ரல், மே மூன்றும் எங்கள் கண் முன்னால் அந்த பாட்டில் வழியாக நடந்து போயின. மூடி மெதுவாகத் தூக்கிக்கொண்டது. பின்கட்டில் மற்ற பாட்டில்கள் அவளுக்காகக் காத்திருக்கவில்லை. செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது போலும், வரிசையாக மூடிகள் திறக்கிற சத்தம் மழை தொடங்குகிற மாதிரி வந்தது.

மச்சான் தண்ணீர் கேட்டார். குடித்தார். "தண்ணி தண்ணியா இருக்கு" என்று சொல்லி அழுதார்.

இனி சரக்கைக் கொட்டத்தான் வேண்டும், கொட்டுகிற நாளில் தான் எங்கே போக வேண்டும் என்பது அவளுக்கும் தெரியும். மிஷின் பக்கத்தில் மாட்டியிருந்த தன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பாட்டில் கழுவுகிற பக்கம் திரும்பி நடந்தாள். முதலாளி அவள் வழியை மறித்து நின்றார். அவர் குரல், பின்கட்டில் செருப்பைக் கழற்றினவர்களின் குரலாக இருந்தது.

"இன்னைக்குச் சரக்கு நிக்குதும்மா. மே முப்பத்தொண்ணு. கீழ் வரிக்கு என்ன?"

அவள் விரல் மடக்கினாள். "அஞ்சும் ஆறும் பதினொண்ணு. நவம்பர். நவம்பருக்கு முப்பதுதான் ஐயா."

"முப்பதா?"

"முப்பது. வருஷம் மாறாது."

முதலாளி நகர்ந்து, மிஷின் முன்னால் இருந்த ஸ்டூலை அவர் வேட்டி நுனியாலேயே துடைத்து, அவள் உட்காரட்டும் என்று கொஞ்சம் பின்னால் இழுத்து வைத்தார்.