பேசியபடி செய்துவிடுகிறோம், அண்ணா

“உங்க அண்ணனா இருந்தா என்ன? ஆர்டர்னா ஆர்டர்தான். மெயில்ல எல்லாத்தையும் திருப்பி எழுதி அனுப்பிடு.”

“எழுதிடறேங்க.”

“நீளம் குறைச்சதையும் சேர்த்து எழுது. அது அவங்க பர்ச்சேஸ் ஆர்டர்ல கிடையாது, போன்ல சொன்னது. சரின்னு பதில் வந்தாத்தான் நான் கத்திரியைக் கையில எடுப்பேன்.”

“அதான் எழுதறேன்னு சொல்றேனே. எங்க அண்ணன் என்ன, நம்ம மேல கேஸ் போடற ஆளா?”

ஓட்டலின் கூட்ட அறையில் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பேச்சுதான் அவளுக்குத் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. பட்டறையில், துணிச் சுருள்களுக்கு நடுவே நின்றுகொண்டு கணவரோடு பேசியது. இப்போது அவர் பக்கத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார். கை மட்டும் மேஜை விளிம்பைப் பிடித்து, அது என்ன மரம் என்று பார்ப்பதுபோலத் தடவிக்கொண்டிருந்தது.

கணவரும் அவளும் சேர்ந்து நடத்தும் பட்டறை அது. வெட்டுவதும் தைப்பதும் அவர் பொறுப்பு, எழுதுவதும் பேசுவதும் அவள் பொறுப்பு. வீடுகளுக்குத் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு முதல் பெரிய ஆர்டர் இந்தப் புது ஓட்டல். கொடுத்தது அவளுடைய அண்ணன். இங்கே கொள்முதல் மேலாளர்.

அண்ணன் உள்ளே வந்தார். கணவர் எழுந்து, “வணக்கம் சார்” என்றார். பத்து வருஷமாக ‘மச்சான்’ என்று கூப்பிட்ட வாய். அந்த ஒரு ‘சார்’ கேட்டதும் அண்ணன் முகத்தில் ஏதோ சுருங்கியது. பின்னாலேயே பொது மேலாளர் அம்மாள் வந்து உட்கார்ந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கையில் இருந்த ஒரு புகைப்படத்தை மேஜைமேல் நகர்த்தினார்.

நல்ல அறை, நல்ல ஜன்னல், சாம்பல் நிறத் திரை. திரைக்கும் தரைக்கும் நடுவே அரை அடி வெளிச்சம். வளர்ந்துவிட்ட பையனுக்குப் பழைய பேன்ட்டை மாட்டிவிட்டதுபோல இருக்கிறது, விருந்தாளி வந்தால் முதலில் அந்த இடைவெளியைத்தான் பார்ப்பார் என்றார் அம்மாள். ஆர்டரில் கேட்டது இருநூற்று எழுபது சென்டிமீட்டர். வந்தது இருநூற்று ஐம்பத்தைந்து. மூன்றாவது மாடிக்கு மட்டும் சரியாக இருக்கிறது, ஏனென்றால் அங்கே மட்டும்தான் மரத்தளம் போட்டுத் தரையை உயர்த்தியிருக்கிறார்கள்.

தரையை உயர்த்துகிறோம், நீளத்தைக் குறைத்துவிடு என்று அண்ணன்தான் போனில் சொன்னார். எந்த மாடிக்கு என்று அவர் சொல்லவில்லை என்றுதான் அவளுக்கு ஞாபகம். மூன்றாவது மாடியைப் பற்றித்தானே பேசிக்கொண்டிருந்தோம் என்று அவருக்கு ஞாபகம். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. யாராவது ஒருவர் பொய் சொல்லியிருந்தால் கோபப்படவாவது முடிந்திருக்கும்.

கணவர் நிதானமாகத்தான் பேசினார். ஆர்டரில் இல்லாத எந்த மாற்றத்தையும் எழுத்தில் உறுதி செய்யாமல் தாங்கள் துணியில் கை வைப்பதில்லை, இந்த முறையும் அப்படித்தான் என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை.

“அந்த மெயிலைத் திறந்து காட்டும்மா.”

மடிக்கணினியின் கம்பியைச் சுவர்த்திரையோடு இணைத்தாள். எழுத்துகள் சுவர் அளவு பெரிதாகத் தெரிந்தன.

‘அண்ணா, ஆர்டர் கிடைத்தது. பேசியபடி செய்துவிடுகிறோம். அண்ணிக்கு முழங்கால் வலி தேவலையா?’

கீழே அவருடைய பதில். ‘ஓகே பாப்பா. இப்போ தேவலை.’

பொது மேலாளர் கண்ணாடியை இறக்கி மாட்டி, இன்னொரு தடவை படித்தார்.

“முழங்கால் விஷயம் ஒண்ணுதான் இதுல தெளிவா இருக்கு” என்றார்.

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணிடம் பேசுவதுபோல, கொஞ்சம் இரக்கத்தோடு சொன்னார். நாற்பது வயதில் ஒரு கூட்ட அறையின் சுவரில் பாப்பாவாகத் தெரிவது எப்படி இருக்கும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. அண்ணன் தன் பேனா மூடியைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். கணவர் சுவரையே பார்த்தார். அவள் பக்கம் திரும்பவில்லை.

‘பேசியபடி’ என்றால் என்ன பேசியபடி என்று அம்மாள் கேட்டார். எத்தனை திரை, எந்த நீளம், எந்த மாடி, ஒன்றுமே இதில் இல்லை. பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கத்தைத் திருப்பி, எழுத்தில் இல்லாத எந்த மாற்றமும் செல்லாது என்ற வரியைக் காட்டினார். உங்கள் பக்கம் இப்படி ஒரு மெயில், எங்கள் பக்கம் இப்படி ஒரு மேலாளர் என்று அண்ணனையும் ஒரு பார்வை பார்த்தார். திருத்திய ஆர்டர் அனுப்பாமல் போனில் மாற்றம் சொன்னதற்கு அவர் தனியாக விளக்கம் எழுதித் தர வேண்டியிருக்கும்.

“எழுதிக் கேக்காதது என் தப்புங்க. கேட்டிருந்தா அன்னைக்கே சார் திருத்தியிருப்பார்.”

சொல்லி முடித்த பிறகுதான், தானும் அண்ணனை ‘சார்’ என்றுவிட்டது அவளுக்கே உறைத்தது.

கடைசியில் வழி சொன்னது கணவர்தான். மூன்றாவது மாடித் திரைகள் அப்படியே இருக்கட்டும். மற்றவற்றின் அடியில் அடர் நிறத்தில் ஒரு பட்டை சேர்த்துத் தைத்தால் நீளமும் வந்துவிடும், வேண்டுமென்றே செய்த அலங்காரம் போலவும் இருக்கும். ஒரு மாதிரித் திரை தைத்துக் கொண்டுவருகிறேன், பிடித்தால் பார்க்கலாம், பட்டைச் செலவு எங்களுடையது என்றார். அம்மாள் யோசித்து, ஒப்படைக்கும் தேதியைத் தள்ளிப்போடச் சம்மதித்தார். மாதிரி பிடித்துப்போனால் திருத்திய ஆர்டர் வரும்.

“அதுக்கு ஒழுங்கா ஒரு உறுதிக் கடிதம் அனுப்புங்க. யாருடைய முழங்காலும் வேண்டாம்.”

திரும்பும்போது வேனில் கணவர் வழக்கமாகப் போடும் பாட்டைப் போடவில்லை. ஒரு சிக்னலில் நின்றபோது மட்டும் பேசினார்.

“பதில் வந்துதான்னு கேட்டேன். வந்துடுச்சுன்னு சொன்னே.”

“வந்துதே.” சொன்ன பிறகு அது அவளுக்கே கேட்கப் பிடிக்கவில்லை. “நீங்க கேட்ட பதில் வரல.”

“உன் வார்த்தையை நம்பித்தான் வெட்டினேன்.”

அவ்வளவுதான். விளக்கு மாறியது. அவர் திட்டியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லி, அழுது, பட்டறை போய்ச் சேர்வதற்குள் சமாதானம் ஆகியிருக்கும். இது அப்படி ஆகாத விஷயம் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

மாதிரி பிடித்துப்போய், திருத்திய ஆர்டர் வந்த அன்று, அவள் பட்டறையின் மூலையில் இருந்த தன் மேஜையில் உட்கார்ந்தாள். மெயில் பெட்டியில் அனுப்பாமல் கிடந்த ஒரு பழைய கடிதம் அப்படியே இருந்தது. ஆமாம், எழுதியிருந்தாள். அன்றே, ஒழுங்காக, முழுசாக. ‘நீளம் 255, அனைத்து அறைகளுக்கும்’ என்றுகூட எழுதியிருந்தாள். அந்த ஒரு வரியை அண்ணன் பார்த்திருந்தால் அடுத்த நிமிஷமே போன் வந்திருக்கும். கடைசி வரிக்கு வந்ததும்தான் விரல் நின்றுபோனது. ‘மேலே உள்ளவை சரி என்று எழுத்தில் பதில் அனுப்பவும்.’

அப்பா போன பிறகு அவளுடைய மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்டவர் அண்ணன். கல்லூரிக்கு அனுப்பியதும் அவர்தான், கல்யாணம் செய்து வைத்ததும் அவர்தான். எதையும் ஒரு தடவை வாயால் சொன்னதோடு சரி, சொன்னதைச் செய்யாமல் விட்டதே இல்லை. அவரிடம் போய், எழுதிக் கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது? எல்லாவற்றையும் அழித்துவிட மனமில்லாமல், அனுப்பவும் துணிவில்லாமல், அப்படியே போட்டுவிட்டு இரண்டு வரியில் முழங்காலை விசாரித்துவிட்டாள்.

கணவர் பட்டைத் துணியோடு வந்து, அவள் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் படித்தார். பழைய கடிதத்தின் தேதியையும் பார்த்தார்.

“அன்னைக்கே எழுதினியா?”

அவள் தலையாட்டினாள். அவர் பக்கத்து முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அந்த வாரத்தில் அவர் இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

இரண்டு பேருமாகப் புதுக் கடிதத்தை எழுதினார்கள். திருத்திய ஆர்டரின் எண்ணும் தேதியும் மேலே, பழைய ஆர்டருக்குப் பதிலாக இதுதான் செல்லும் என்ற வரியோடு. பிறகு ஒவ்வொரு மாடிக்கும் எத்தனை திரை. ஜோடிக் கணக்கு இல்லை, தனித்தனித் துண்டுக் கணக்கு என்று அவர் சேர்க்கச் சொன்னார். தைத்து முடித்த நீளம், கம்பியின் அடியிலிருந்து கீழ் மடிப்பு வரை அளந்தது என்றாள் அவள். ஒரு சென்டிமீட்டர் கூடவோ குறையவோ இருக்கலாம் என்றார் அவர். துணியின் நிற எண், பட்டையின் நிற எண், அம்மாள் கையெழுத்துப் போட்ட மாதிரித் துண்டின் தேதி. பழைய விலையேதான், பட்டைக்குத் தனி விலை கிடையாது. எந்தத் தேதிக்குள், எந்த வாசலில் இறக்குவது, இறக்குவதற்கு யார் ஆள் போடுவது, குறை இருந்தால் எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும், பணம் எப்போது. பழைய ஆர்டரிலிருந்து மாறியவை மட்டும் தனியாக, யார் கண்ணுக்கும் தப்பாதபடி. இனி எந்த மாற்றமானாலும் எழுத்தில் வந்தால்தான் செல்லும்.

கடைசி வரி வந்தது. அவள் நிறுத்தினாள். கணவர் எழுந்து, துணியை உதறுவதுபோல அந்தப் பக்கம் போய்விட்டார். அவள் எழுதி, அனுப்பினாள்.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, அண்ணன் போன் செய்தார். குரல் களைத்திருந்தது. விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டதாகவும், வேலைக்கு ஒன்றும் ஆபத்தில்லை, இனி போனில் எதையும் மாற்றக் கூடாது என்பதோடு விட்டுவிட்டார்கள் என்றும் சொன்னார். அதைத் தங்கையிடம் சொல்ல அவருக்கு எவ்வளவு கூச்சமாக இருந்தது என்பது நடுநடுவே விட்ட மூச்சிலேயே தெரிந்தது. பிறகு கொஞ்சம் சிரிக்கப் பார்த்தார்.

“என்ன பாப்பா, பரீட்சை எழுதின மாதிரி இவ்வளவு நீளம்? எல்லாம் சரிதான், வெட்டச் சொல்லு மாப்பிள்ளையை. உனக்கும் எனக்கும் நடுவுல இதெல்லாம் எதுக்கு?”

வெட்டு மேஜையில் பட்டைத் துணி விரித்தபடி கிடந்தது. அதன்மேல் கத்திரி, மூடியபடி. கணவர் கையைக் கட்டிக்கொண்டு, இந்தப் பக்கம் பார்க்காமல் நின்றார்.

அவளுக்கு முகம் சுட்டது. போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“அண்ணா, முழுசா படிச்சுப் பார்த்து, சரின்னு எனக்கு ஒரு வரி எழுதி அனுப்புங்க.”