நாற்பதுக்கு மேல் ஒன்று

இறுதிப்போட்டி பின்னேரம் நாலு மணிக்குப் புதுக்குடியிருப்பு மைதானத்தில். காலையில் முல்லைத்தீவுக் கடைத்தெருவில் தன் ஹார்ட்வெயார் கடையைத் திறந்து, மண்வெட்டிகளை வாசலில் சாத்தி வைத்துவிட்டு, நிஸார் கதிரையில் உட்கார்ந்து அட்டவணையை எழுதத் தொடங்கினார். ஆறு கழகங்கள் ஆடும் உதைபந்தாட்ட லீக்கின் உதவிச் செயலாளர் அவர். வென்றால் மூன்று புள்ளி, சமநிலை என்றால் ஆளுக்கு ஒன்று, தோற்றால் ஒன்றுமில்லை. முதல் இரண்டு இடத்துக்கு வருபவர்கள் இறுதிப்போட்டி ஆடுவார்கள்.

இதுவரை அவர் முழு அட்டவணை எழுதியதில்லை. கடைச் சுவரில் ஒரு வெள்ளைப்பலகை மாட்டியிருந்தார். அதில் கழகத்தின் பெயர், பக்கத்தில் புள்ளி, அதற்குப் பக்கத்தில் கோல் வித்தியாசம், அவ்வளவுதான். ஒரு போட்டி முடிந்ததும் பழைய புள்ளியோடு மூன்றையோ ஒன்றையோ கூட்டி, பழையதை அழித்துப் புதியதை எழுதுவார். பிறகு ஒரு படம் எடுத்து வாட்ஸப் குழுவில் போடுவார். ஆனால் செயலாளர் சிவகரன் முதல்நாள் கேட்டிருந்தான்: "நிஸார் நானா, நாளைக்கு மைக்கில வாசிக்க வெற்றி, சமநிலை, தோல்வி எல்லாம் போட்டு ஒரு அட்டவணை தாங்கோ. விருந்தினருக்கு முன்னால வடிவா இருக்கும்."

பதினைந்து போட்டிகளின் முடிவுகளையும் பார்த்துப் பார்த்து அவர் எழுதினார். ஸ்கந்தபுரம் முத்தமிழ் மூன்று வெற்றி, இரண்டு சமநிலை. பலகையில் அவர்களுக்குப் பதினொன்று. சரி. எல்லோருடையதையும் எழுதி முடித்ததும், கடைக்காரப் பழக்கத்தில், பலகையில் இருந்த புள்ளிகளை மேலிருந்து கீழே ஒருமுறை கூட்டினார். நாற்பத்தொன்று வந்தது.

இங்கே ஒரு விஷயம் இருக்கிறது. யாராவது வெல்கிற போட்டி அட்டவணைக்குள் மூன்று புள்ளியைக் கொண்டுவரும். சமநிலையில் முடிகிற போட்டி ஆளுக்கு ஒன்றாக இரண்டைத்தான் கொண்டுவரும். ஆகவே பதினைந்து போட்டியிலும் யாராவது வென்றிருந்தால் மொத்தம் நாற்பத்தைந்து. ஒவ்வொரு சமநிலைக்கும் அதில் ஒன்று குறையும். இந்த லீக்கில் ஐந்து போட்டிகள் சமநிலை. அப்படியென்றால் நாற்பது. யார் வென்றார், யார் தோற்றார் என்பதைப் பற்றி அந்த நாற்பதுக்குக் கவலையில்லை. அது மாறாது.

நிஸார் கீழிருந்து மேலே கூட்டினார். நாற்பத்தொன்று.

எங்கே பிழை என்று மொத்தம் சொல்லாது, பிழை இருக்கிறது என்று மட்டும் சொல்லும். ஆனால் கூடியது மூன்று அல்ல, ஒன்று. ஒன்று என்றால் அது சமநிலைப் புள்ளி. சமநிலைக்கு இரண்டு பேர் வேண்டும். இந்தப் பலகையில் யாரோ ஒருவர் தனியாகச் சமநிலை ஆடியிருக்கிறார்.

அவர் ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். தர்மபுரம் நண்பர்கள் ஏழு, சரி. விசுவமடு வெண்புறா நாலு, சரி. முள்ளியவளை செந்நிலா இரண்டு, சரி. உடையார்கட்டு இளங்கதிர் இரண்டு வெற்றி, இரண்டு சமநிலை, ஒரு தோல்வி. ஆறும் இரண்டும் எட்டு. சரி. நீராவிப்பிட்டி வளர்பிறையும் அதேபோல இரண்டு வெற்றி, இரண்டு சமநிலை, ஒரு தோல்வி. பலகையில் ஒன்பது.

வளர்பிறை அவருடைய ஊர்க் கழகம். அதன் தலைவன் றிஷாட் அவருடைய அக்காவின் மகன். அந்த ஒன்பதினால்தான் இன்றைக்கு வளர்பிறை இறுதிப்போட்டி ஆடுகிறது. எட்டு என்றால் இரண்டு கழகமும் சமம், கோல் வித்தியாசம் பார்க்க வேண்டும். இளங்கதிர் ஏழு அடித்து நாலு வாங்கியது, மூன்று கூட. வளர்பிறை ஏழு அடித்து ஐந்து வாங்கியது, இரண்டுதான் கூட. ஆட வேண்டியது இளங்கதிர்.

எப்படி நடந்தது என்பது உடனே நினைவுக்கு வந்தது. சித்திரை மாதம் வளர்பிறைக்கும் தர்மபுரத்துக்கும் நடந்த போட்டி இடி மழையால் பாதியில் நின்றது. லீக்கின் வழக்கப்படி, திரும்ப ஆடும்வரை இரண்டு பக்கத்துக்கும் ஒரு புள்ளி போட்டு வைப்பார்கள். திரும்ப ஆடியபோது தர்மபுரம் ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்றது. வென்றவர்களுக்கு மூன்று எழுதப் போன நிஸார், அவர்களுடைய மழைப் புள்ளியைக் கழித்துவிட்டுத்தான் எழுதினார். தோற்றவர்களுக்கு எழுத ஒன்றுமில்லை. எழுத ஒன்றுமில்லாத வரியை அவர் தொடவேயில்லை.

"இஞ்சாருங்கோ, தேத்தண்ணி ஆறுது" என்றாள் ஜொஹறா. கடையின் பின்பக்கம்தான் வீடு. அவள் வந்து கணவனின் முகத்தைப் பார்த்தாள். "என்ன, நெஞ்சு நோகுதோ?"

அவர் சொன்னார். அவள் பலகையை நெடுநேரம் பார்த்தாள்.

"வேற ஆருக்குத் தெரியும்?"

"கூட்டிப் பாக்கிற எவனுக்கும் தெரியும்."

"மறந்துபோன பிழை எண்டு சொல்லுங்கோவன்."

"மறந்தது ஆருக்கு? மருமோன்ட கழகத்துக்கு. மற்ற ஆளுக்கு மறக்கேல்லை. நீயே வெளியில நிண்டு கேட்டா நம்புவியா?"

போன வருடம் வேறொரு சுற்றுப்போட்டியில், ஓப்சைட் கோல் ஒன்றுக்காகக் கோட்டு நடுவரின் மோட்டார் சைக்கிளை வைக்கோல் போட்டுக் கொளுத்தினார்கள். நிஸார் அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர். போர்க்காலத்தில் மற்ற முஸ்லிம் குடும்பங்களோடு ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு, இருபது வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து போட்ட கடை இது. வாசலில் கண்ணாடி வைத்தே மூன்று மாதம்தான் ஆகிறது.

சிவகரனுக்கு அழைத்தார். நடந்ததைச் சொன்னார்.

"நானா, பந்தலும் போட்டாச்சு. விருந்தினருக்கும் சொல்லியாச்சு. பேசாம அந்த முழு அட்டவணையை விடுங்கோ. நான் மைக்கில பகிடி விட்டுச் சமாளிக்கிறன். ஆர் உதெல்லாம் கூட்டிப் பாக்கிறது?"

"இளங்கதிரின்ர பயிற்சியாளர் செந்தூரன் கணக்கு மாஸ்டரல்லோ?"

"அப்ப போன்ல சொல்லாதேங்கோ. ரெக்கோட் பண்ணிக் குழுவில போட்டிடுவாங்கள். நீங்க கதைச்சது பாதியும் அவங்கள் வெட்டினது பாதியுமாப் போகும்."

அது உண்மை. நிஸார் கடையை ஜொஹறாவிடம் விட்டுவிட்டு, பலகையைச் சுவரிலிருந்து கழற்றி, சாக்கால் சுற்றி மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டினார்.

வெயில் வீதியில் உருகிக் கிடந்தது. புதுக்குடியிருப்பைத் தாண்டும்போது மைதானத்து ஒலிபெருக்கி கேட்டது. சிவகரன் சோதித்துக்கொண்டிருந்தான்: "முத்தமிழ் எதிர் வளர்பிறை, அனைவரும் வாரீர்." நிஸார் கைபிடியை இறுக்கினார். திரும்பிவிடலாம் என்று ஒருமுறை வேகத்தைக் குறைத்தார். பின்னால் சாக்குக்குள் பலகை தட்டிக்கொண்டே வந்தது.

உடையார்கட்டில் செந்தூரனின் வீட்டு வளவுக்குள் ஒரு உழவு இயந்திரம் நின்றது. அதன் பின்னால் பூட்டியிருந்த பெட்டியில் பதினைந்து இருபது பெடியள். எல்லோரும் இளங்கதிரின் சிவப்பு உடுப்பில். ஆடாத கழகம் ஏன் உடுப்புப் போட்டிருக்கிறது என்று நிஸார் நினைத்தார். எஞ்சினை நிறுத்த மறந்து இறங்கியதில் சைக்கிள் ஒருமுறை துள்ளி நின்றது.

பெட்டிக்குள் ஒருவன் சொன்னான்: "வாறார் பாரடா, ஒண்டும் ஒண்டும் மூண்டு."

சிலர் சிரித்தார்கள். செந்தூரன் சிரிக்கவில்லை. அவன் பெட்டியிலிருந்து இறங்கி வந்து, நிஸாருக்கும் படலைக்கும் இடையில் நின்றான்.

"என்ன நானா, இந்த வெயிலுக்க?"

நிஸார் சாக்கை அவிழ்த்துப் பலகையை மண்ணில் வைத்து, சைக்கிளில் சாத்தினார்.

"கூட்டினா நாப்பத்தொண்டு வருது. நாப்பதுதான் வரவேணும். வளர்பிறைக்கு ஒண்டு கூட. மழைக்கு நிண்ட ஆட்டத்தின்ர புள்ளி. தர்மபுரத்துக்கு எடுத்தனான், வளர்பிறைக்கு எடுக்கேல்லை. நீங்கதான் ரெண்டாவது."

"எப்ப பாத்தனீங்க?"

"இண்டைக்குக் காலமை."

"நாங்க முந்தநாள் பாத்தம்." செந்தூரன் குரலை உயர்த்தவில்லை. "நீங்க சொல்லுவீங்களோ எண்டு பாத்தம். நாலு மணிக்கு மைக்கில வாசிப்பினம்தானே, அப்ப மைதானத்துக்க இறங்குறது எண்டிருந்தம்."

உழவு இயந்திரப் பெட்டியின் ஓரத்தில், கொடிக்கம்புகள் என்று நிஸார் நினைத்தவை கொடி இல்லாத கம்புகளாக இருந்தன.

"அப்ப ஏன் குழுவில கேக்கேல்லை?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் தான் கேட்டது தெரிந்தது.

"கேட்டா நீங்க திருத்தியிருப்பீங்க. பிழையா களவா எண்டு எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

சற்றுமுன் பகிடி விட்டவன் இறங்கி வந்து பலகையின் முன் குந்தி, விரலால் தொட்டுத் தொட்டுக் கூட்டினான். முடித்துவிட்டுச் செந்தூரனைப் பார்த்துத் தலையாட்டினான். செந்தூரன் பெட்டிப் பக்கம் திரும்பி, "தடியளை இறக்குங்கோடா. ஆடுறதுக்குச் சப்பாத்து எடுத்தாங்கோ" என்றான்.

நிஸார் பலகையைத் திரும்பச் சாக்கில் சுற்றிக் கட்டினார். பாதிதான் முடிந்திருந்தது. நீராவிப்பிட்டியில் இன்னொரு பெட்டி நிறையப் பெடியள், நீல உடுப்பில், இதே நேரம் ஏறிக்கொண்டிருப்பார்கள்.

மைதானத்துக்கு அவர் முதலில் போய்ச் சேர்ந்தார். பந்தலின் காலில் பலகையைச் சாத்திவிட்டு மைக்கிற்குப் போகாமல் அங்கேயே நின்றார். மோட்டார் சைக்கிளின் திறப்பை அதிலேயே விடாமல் கையில் வைத்திருந்தார். நீல உடுப்புக்காரர் வந்து இறங்கினார்கள். றிஷாட் சிரித்துக்கொண்டு வந்தான்.

"மாமா, எங்கட ஒன்பதைக் கொண்டந்து வைச்சிருக்கிறீங்க."

"எட்டு" என்றார் நிஸார்.

அவர் எல்லாவற்றையும் சொன்னார், வென்றவர் வரியைத் தொட்டது, தோற்றவர் வரியைத் தொடாதது. சொல்லச் சொல்ல றிஷாட்டின் பின்னால் நீல உடுப்புகள் நெருங்கி வந்து வட்டமாகின. மைதானத்தின் மறுகரையில் சிவப்பு உடுப்புகள் இறங்கின. ஒலிபெருக்கியில் சிவகரனின் குரல் பாதியில் நின்றது.

"அவங்கள் வெருட்டினவங்களோ?" என்று றிஷாட் கேட்டான். பின்னால் ஒருவன் ஒரு கல்லை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"இல்லை. அவங்களைப் பாக்க முந்தியே கண்டனான். நீயே கூட்டிப் பார்."

றிஷாட் பலகையின் முன் நின்று வாய்க்குள் கூட்டினான். பதினொன்று, இருபது, இருபத்தெட்டு. உதடு அசைவதை நிஸார் பார்த்துக்கொண்டு நின்றார். முப்பத்தைந்து, முப்பத்தொன்பது, நாற்பத்தொன்று. பிறகு அவன் பதினைந்து போட்டிகளையும் விரலில் எண்ணினான். சமநிலைகளில் வந்ததும் மெதுவானான். மழையால் நின்ற ஆட்டத்தின் விரலை நீட்டி, சற்று யோசித்து, மடக்கினான்.

அவன் மாமாவைப் பார்க்கவில்லை. தன் நீலச் சட்டையின் கையால் ஒன்பதை அழித்தான். மை காய்ந்திருந்ததால் முழுக்கப் போகவில்லை. அதன் மேலேயே நிஸார் எட்டு என்று எழுதினார்.

"ஏறுங்கோ" என்றான் றிஷாட் தன் ஆட்களிடம். ஒருவரும் உடனே அசையவில்லை. கல்லை வைத்திருந்தவன் அதைக் கீழே போடாமல் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பெட்டியில் ஏறினான்.

விசில் ஊதி ஆட்டம் தொடங்கியது. நிஸார் பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, நீராவிப்பிட்டிக்கும் தன் கடைக்கும் போகும் அந்த ஒரே வீதியையே பார்த்துக்கொண்டிருந்தார். திறப்பின் பல் உள்ளங்கையில் பதிந்திருந்தது.