நடைக்கு நான்கு மணி நேரம்

பூச்சோங்கில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். அடுத்தவர் பட்ஜெட்டில் ஓட்டை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். என் சொந்த பட்ஜெட்டில் இருந்த ஓட்டை மட்டும் என் கண்ணில் படவில்லை.

பகுதிநேரப் பட்டப்படிப்பில் சேர்ந்தபோது வாரத்தின் நூற்று அறுபத்தெட்டு மணி நேரத்தையும் பிரித்தேன். கை வைக்கக்கூடாதவை ஒரு பக்கம்: வேலைக்கு நாற்பத்தைந்து, பயணத்துக்குப் பதினொன்று, தூக்கத்துக்கு நாற்பத்தொன்பது, பிரிக்பீல்ட்ஸில் சனிக்கிழமை வகுப்பும் வீட்டில் படிப்பதுமாகப் பதினான்கு, சமையல், துணி, வீட்டு வேலைக்கு இருபத்துநான்கு. மீதி இருபத்தைந்தும் கூட்டிக் குறைக்கக்கூடியவை. மகள் மாதவிக்குப் பன்னிரண்டு, கோயில், உறவு, கணவரோடு பேச்சு என்று ஆறு, நடைப்பயிற்சிக்கு நான்கு, எதிர்பாராத செலவுக்கு மூன்று.

மாதவியின் நேரம் எட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது என்று அடிவரம்பு போட்டேன். உறவுக்கும் ஒன்று போட்டேன். இல்லாவிட்டால் மாமியார் வீட்டில் என் தலை உருளும். நடைக்கு மட்டும் போடவில்லை. என் உடம்புதானே, கோபித்துக்கொண்டு வீட்டை விட்டா போய்விடும்?

பிறகு நடந்தது தெரிந்த கதைதான். மாதக் கடைசியில் ஆபீசில் கணக்கு முடிக்க நேரமாகும், ஒரு வாரம் மாதவிக்குக் காய்ச்சல், மழை பெய்தால் நெடுஞ்சாலை நகராது. எதிர்பாராத மூன்று மணி நேரம் புதன்கிழமைக்குள் தீர்ந்துவிடும். மீதிப் பற்றாக்குறைக்கெல்லாம் நடையில்தான் கை வைத்தேன். மூன்று மாதமாக அதில் நின்றது பூஜ்யம்.

கிளினிக்கில் டாக்டர் ரத்தச் சோதனை முடிவைப் பார்த்து முகம் சுளித்தார். சர்க்கரை எல்லையைத் தொட்டுவிட்டதாம். அடுத்த சோதனைக்குள் ஒழுங்காக நடந்து குறைக்க வேண்டும், இல்லையென்றால் மருந்துதான் என்றார். அன்று பண்டமாரானில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்ததும், நடக்க நேரம் கிடைக்க இந்தப் பருவத்துப் பாடத்தை விட்டுவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். விலகுவதற்கு வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. இந்தப் படிப்புக்காக நான் ஆறு வருடம் காத்திருந்தவள்.

என் கணவர் சிவநேசன் துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் லோரி ஓட்டுகிறார். விஷயத்தைக் கேட்டதும் பதறிவிட்டார்.

"படிப்ப விடாதே புனிதா. தூங்குறதுல ஒரு மணி நேரம் கொறச்சுக்கலாமே?"

"தூக்கத்த கொறச்சா சர்க்கரை இன்னும் ஏறுமாம். டாக்டரே சொல்லிட்டாரு."

"அப்போ ஆபீஸ்ல சொல்லி..."

"சொல்லி? என் வேலைய நீங்க வந்து பாப்பீங்களா?"

நல்ல மனுஷன், எனக்காக உயிரையே கொடுப்பார். ஆனால் ஒரு தட்டைக் கழுவிக் கொடுக்கலாம் என்று மட்டும் தோன்றாது. மெல்ல எழுந்து, சனிக்கிழமை லோரியை சர்வீசுக்கு விட வேண்டும் என்றார்.

"அன்னைக்கு மத்தியானம் டிரிப் இருக்குன்னீங்களே?"

"பாஸ் கத்துறாரு லா. கத்தட்டும். தேதி வந்தா சர்வீஸ் பண்ணித்தான் ஆகணும். தள்ளிப் போட்டா நடு ரோட்டுல நின்னுரும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ஏங்க, லோரிக்கு சர்வீஸ தள்ளிப் போடக்கூடாது. எனக்கு மட்டும் தள்ளலாமா?"

கோபத்தில் சொன்ன பிறகுதான் எனக்கே கணக்கு புரிந்தது. வீட்டு வேலை இருபத்துநான்கு மணி நேரம் என்பதில் மாற்றமில்லை. ஆனால் அந்த இருபத்துநான்கும் நான்தான் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நானேதான் முழுசாக என் பேரில் எழுதிக்கொண்டேன்.

"வீட்டு வேலையில நாலு மணி நேரத்த நீங்க எடுத்துக்குங்க" என்றேன். "நடைய நான் கை வைக்காத பக்கம் போட்டுர்றேன். மிச்சமாகுற நாலும் எதிர்பாராத செலவுக்கு."

"சனிக்கிழமை மத்தியான டிரிப்பத்தான் இனிமே விடணும்."

"விடுவீங்களா?"

தலையைச் சொறிந்தார். "துணி மெஷின்ல எந்தப் பட்டன்?"

வெள்ளிக்கிழமை வந்து போயிற்று. நான் பாடத்தை விடவில்லை.

சனிக்கிழமை வகுப்பு முடிந்து ரயிலில் கிள்ளான் வந்து, அங்கிருந்து வீட்டுக்குப் போகாமல் நேராகத் திடலுக்குப் போனேன். முதல் சுற்றிலேயே மூச்சு வாங்கியது. மாதவி போன் செய்தாள்.

"அம்மா, அப்பா என் ஸ்கூல் வெள்ளச் சட்டைய உங்க செவப்புச் சேலையோட சேத்துப் போட்டுட்டாரு. எல்லாமே ரோஸ் கலர் ஆயிருச்சு!"

கால் தானாக வீட்டுப் பக்கம் திரும்பியது. போய் ஊற வைத்தால் சட்டையைக் காப்பாற்றிவிடலாம். போனில் அவளுக்குப் பின்னால் அவர் குரல் கேட்டது: "அம்மாகிட்ட ஏன் சொன்னே? அவ நடக்கட்டும் லா, புதுசு வாங்கிக்கலாம்."

"சரி, அப்பாகிட்டயே கேட்டுக்கோ" என்று சொல்லிப் போனை வைத்தேன். இன்னும் மூன்று சுற்று பாக்கி இருந்தது. திரும்பி நடந்தேன்.