புள்ளியில் விழுந்த கொக்கி

என் தங்கைக்கு அந்தத் தொடரில் மொத்தம் ஒரே ஒரு காட்சி. மூன்று நிமிடம் நாற்பது விநாடி. அதற்கே அம்மா எங்கள் அடுக்குமாடியின் முதல் நான்கு தளங்களுக்கும் ஏறி இறங்கிச் செய்தி சொல்லிவிட்டாள். மூட்டுவலி காரணமாக ஐந்தாவது தளத்துக்கு மட்டும் போனில் சொன்னாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழரை மணிக்கு யாரும் எங்கேயும் போகக்கூடாது என்று உத்தரவு.

புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு அந்தக் காட்சியின் தலைமேல் கத்தி தொங்க ஆரம்பித்தது. கத்தியைக் கொண்டுவந்து என் மேசையிலேயே வைத்தார்கள்.

அதே தொடரில்தான் நானும் வேலை பார்க்கிறேன். நடிப்பு இல்லை, படம் திருத்துகிற வேலை. காட்சியில் தப்பித் தவறி விழுந்த மின்கம்பியை அழிப்பேன், சுவரில் தொங்கும் காலண்டரின் தேதியை மாற்றுவேன். நான் ஒழுங்காகச் செய்தால் ஒருத்தருக்கும் தெரியாது, சொதப்பினால் ஊருக்கே தெரியும். பாராட்டுக்கு ஏங்குகிறவர்கள் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவே கூடாது.

விஷயம் இதுதான். கொலை நடந்த விடுதிக்குள் வில்லன் நுழைவதை எதிர்வீட்டுப் பெண் ஓடிக்கொண்டே போனில் படம் எடுக்கிறாள். அந்தப் பெண்தான் என் தங்கை. பிறகு இன்ஸ்பெக்டரிடம் அந்தப் படத்தைக் காட்டுகிறாள். படம் திரை முழுக்க வருகிறது, மெதுவாகப் பெயர்ப்பலகையை நோக்கி நெருங்குகிறது, அவள் குரல் விடுதியின் பெயரைச் சொல்கிறது. பலகையில் "கதிர் விடுதி" என்று இருந்தது. அதே பெயரில் நிஜமாகவே ஒரு விடுதி இருப்பதைக் கம்பெனி வக்கீல் புதன்கிழமை காலைதான் கண்டுபிடித்தார். இத்தனை நாள் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்க எனக்கு அதிகாரம் இல்லை.

திரும்ப எடுக்கலாமென்றால் வில்லன் வேறொரு படத்துக்காக மொட்டை அடித்திருந்தார். பலகை மாட்டிய கட்டடத்தில் இப்போது பல் ஆஸ்பத்திரி நடக்கிறது.

"பேரை 'பவளம் விடுதி'ன்னு மாத்திடுங்க. நாலு மணிக்கு எபிசோடு போயாகணும்" என்றார் டைரக்டர் மேடம். "ஒட்டின மாதிரி தெரிஞ்சா அந்த சீனே வேணாம். துப்பு கிடைச்சுதுன்னு இன்ஸ்பெக்டர் ஒரு வரி சொன்னா போதும், கதை நகர்ந்துடும்."

ஐந்து தளங்களுக்கும் அம்மா என்ன பதில் சொல்வாள்? அதைவிட, தங்கை முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

படத்தைத் திறந்தேன். மட்டமான போன், மங்கிய வெளிச்சம், ஓடுகிற கை. போதாக்குறைக்கு யாரோ அதை மெசேஜில் அனுப்பி வாங்கியிருந்தார்கள். அதில் இன்னும் கொஞ்சம் நசுங்கித் தரம் குறைந்திருந்தது. இருட்டான இடமெல்லாம் கிரெயின், அதாவது வெளிச்சம் பற்றாத படத்தில் பொரிப்பொரியாகத் தெரியுமே, அது.

"கதிர்" என்பதை அழித்து, பலகையின் வெற்றிடத்தை எடுத்து அந்த இடத்தை மூடினேன். "பவளம்" என்று எழுதி, பலகை சாய்ந்திருந்த அளவுக்குச் சாய்த்தேன். வெள்ளை எழுத்தை வெள்ளையாக விடவில்லை, அந்தப் படத்தில் ஆகப் பெரிய வெள்ளையே பழுப்புதான். கிரெயின் போட்டேன், பிளர் போட்டுக் கலங்கலாக்கினேன், எடுத்துக்கொண்டு ஓடினேன்.

மேடம் பார்த்த பார்வையிலேயே பதில் இருந்தது.

"என்னங்க இது, எழுத்து மட்டும் சோப்புப் போட்டுக் குளிச்சிட்டு வந்திருக்கு?"

அவர் சொன்னது சரி. பதற்றத்தில் வரிசையை மாற்றிவிட்டேன். கலங்கல் வருவது கையிலும் லென்ஸிலும். கிரெயின் பிறப்பது அதற்கப்புறம், போனுக்குள். நான் முதலில் கிரெயினைப் போட்டு அதன்மேல் பிளரை விட்டதில் கிரெயின் கரைந்தே போய்விட்டது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் செய்கிற தப்பு இது. ஒன்பது வருடம் கழித்துச் செய்தேன், வெட்கமாக இருந்தது.

திரும்பி வந்தால் என் நாற்காலிக்குப் பக்கத்தில் தங்கை உட்கார்ந்திருந்தாள். புதுப் பெயரை டப்பிங்கில் பேச வரச்சொல்லியிருக்கிறார்கள். பேசி முடித்துவிட்டு, விஷயம் காதில் விழுந்து நேரே இங்கே வந்திருக்கிறாள்.

"அக்கா, சீனைத் தூக்கிடுவாங்களா?"

"நீ வாயை மூடிக்கிட்டு இருந்தா தூக்க மாட்டாங்க."

வாயை மூடினாள். நகத்தைக் கடிக்க ஆரம்பித்தாள்.

இந்தத் தடவை பிளர் முதலில், கிரெயின் பிறகு. மென்பொருளில் தயாராக இருக்கும் கிரெயினைப் போட்டுப் பார்த்தேன், எழுத்தின்மேல் மணலை வாரி இறைத்த மாதிரி பொடிப்பொடியாக விழுந்தது. போனின் கிரெயின் அப்படி இருக்காது. போன் தானே படத்தைத் துடைக்கப் பார்க்கும், பாதி துடைத்து மீதியைத் திட்டுத்திட்டாக விட்டுவிடும், சிவப்பும் பச்சையுமாகக் கறை வேறு. அதனால் அந்தப் பலகையிலேயே எழுத்தில்லாத ஒரு துண்டை எடுத்து, அதன் நிறத்தைக் கழித்துவிட்டுக் கிரெயினை மட்டும் பிரித்தேன். அதை எழுத்தின்மேல் விரித்தேன், வெளிச்சமான இடத்தில் கொஞ்சம் குறைத்தேன். கடைசியில் மெசேஜில் போன படம் நசுங்கிய அளவுக்கு நானும் ஒருமுறை நசுக்கினேன்.

இரண்டு மணிக்கு மேடம் பார்த்தார். தலையைச் சாய்த்தார், தள்ளி நின்றார், கிட்டே வந்தார்.

"கிரெயின் சரியா இருக்கு. ஆனா என் கண்ணு நேரா அந்தப் பேருக்குத்தான் போகுது. ஏன்னு சொல்லத் தெரியல. மூணரை வரைக்கும் பாருங்க, அதுக்கு மேல என்னால முடியாது."

ஏனென்று சொல்லத் தெரியாத குறையைப் போல எரிச்சல் வேறில்லை. என் மேசைக்கு வந்து "பவளம்" என்பதையும் "விடுதி" என்பதையும் மாறி மாறிப் பார்த்தேன். "விடுதி" அசல், நான் தொடவே இல்லை. இரண்டும் ஒரே அளவு மங்கல்தான். ஆனாலும் "பவளம்" அதன் பக்கத்தில் இஸ்திரிச் சட்டை போட்டு வந்த விருந்தாளி மாதிரி விறைத்து நின்றது. பிளரைக் கூட்டினேன், மூடுபனியில் நின்றது. குறைத்தேன், பழையபடி விறைத்தது. மணி இரண்டு ஐம்பது.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லவா?"

"வேணாம்."

"அந்தப் புள்ளி ரொம்ப அழகா உருண்டையா இருக்குக்கா."

அவளைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. "பவளம்" என்பதன் கடைசியில், 'ம்' மேல், புள்ளி உருண்டையாக உட்கார்ந்திருந்தது.

பழைய படத்தைத் திறந்தேன். "கதிர்" என்பதன் 'ர்' மேல் இருந்த புள்ளி உருண்டை இல்லை. கீழே இறங்கி, வலப்பக்கம் இழுபட்டு, நுனியில் சின்னதாக மேலே வளைந்து, தூண்டில் முள் மாதிரி ஒரு கொக்கி. அதை நானே காலையில் என் கையால் அழித்திருக்கிறேன். கண்ணை உயர்த்தினால் விடுதி வாசலில் தூரத்தில் எரியும் குட்டி விளக்கு. அதிலும் அதே கொக்கி, இருட்டில் கோடு போட்டுக் காட்டிய மாதிரி.

போன் படம் எடுத்த அந்த நொடியில் கை எந்த வழியாக ஆடியதோ, அந்த வழியைத்தான் விளக்கு வரைந்து வைத்திருக்கிறது. படத்தில் இருக்கிற ஒவ்வொரு புள்ளியும் அதே வழியாகத்தான் இழுபட்டிருக்கும், "விடுதி"யின் ஒவ்வொரு எழுத்தும். நானோ நாலு பக்கமும் சமமாகக் கலக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"ஓடுறப்ப கை இப்படி ஆடாதே" என்றேன், பாதி எனக்கே. "ஓடினா நீளமா ஒரு பக்கமா இழுக்கும். இது என்ன, குட்டியா வளைஞ்சு வளைஞ்சு..."

தங்கை நகம் கடிப்பதை நிறுத்தினாள்.

"ஓடி முடிச்சு நின்னுதான்க்கா எடுத்தேன். கை நடுங்கிச்சு."

"நடிப்பா?"

"நடிப்புமில்ல ஒண்ணுமில்ல. பயம். அதுக்கு முன்னாடி ஏழு டேக் வாங்கிட்டேன். வசனம் மறந்து போச்சு, எல்லாரும் என்னையே பார்த்துக்கிட்டு நிக்கறாங்க. வீட்டுக்குப் போயிடலாம்னு இருந்துச்சு. அப்பதான் போனைக் கையில குடுத்து, நீயே எடுத்துடும்மான்னாங்க."

வீட்டில் அவள் சொன்னது வேறு. ஒரே டேக், யூனிட்டே கைதட்டியது என்றாள். அம்மா அதையும் ஐந்து தளங்களுக்கும் சொல்லியிருக்கிறாள். நானும் மாதக்கணக்காக "வாங்க மகாராணி, ஒரே டேக் மகாராணி" என்று அவளை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஏழு டேக் வாங்கியும் ஓடிவராமல் அங்கேயே நின்றிருக்கிறாள் என்று நினைக்கையில் அவள்மேல் பாசம் பொங்கியது. அதைச் சொல்ல நேரமில்லை, மணி மூன்று.

விளக்கின் கொக்கியை மட்டும் வெட்டி எடுத்தேன். அதையே பிளரின் வடிவமாகக் கொடுத்து, சுத்தமான "பவளம்" மீது ஓட்டினேன். எழுத்துகள் ஒரு துள்ளு துள்ளி, "விடுதி" ஆடிய அதே ஆட்டத்தில் நின்றன. 'ம்' மேல் புள்ளி கொக்கியானது. மேலே பழைய கிரெயினை விரித்து, நசுக்கி, முடித்தேன்.

மூன்று இருபத்தைந்துக்கு மேடம் காட்சியை முதலிலிருந்து ஓடவிட்டார். நான் சுவரோரம் நின்றேன். தங்கை கதவுக்கு வெளியே. படம் திரை நிறைய வந்தது, பலகை நெருங்கியது, "பவளம் விடுதி, சார்" என்றது அவள் குரல். மேடம் இன்னொரு முறை ஓட்டினார்.

"பயத்துல எடுத்த போட்டோன்னு நல்லாவே தெரியுது. இந்தப் பொண்ணு பரவாயில்லையே" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆமா, எழுத்தை மாத்திட்டீங்களா இல்லையா?" என்று கேட்டார்.

"இப்ப அவ படிச்சாளே மேடம், அதுதான்."

மறுபடி திரையைப் பார்த்தார். "சரி, அனுப்பிடுங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை எங்கள் கூடத்தில் நிற்க இடமில்லை. மூன்றாவது தளத்துக்காரர்கள் நாற்காலியைக் கையோடு கொண்டுவந்துவிட்டார்கள். காட்சி வந்தது. தங்கை வந்தாள், அழுதாள், போனை நீட்டினாள். முடிந்ததும் கைதட்டல், அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பெரிய மகளையும் கொஞ்சம் கவனிக்க வேண்டுமே என்று தோன்றியிருக்க வேண்டும்.

"இதுல உன் வேலை எதுடி?"

"அந்தப் பலகையில இருந்த பேரும்மா."

"போடி, அது அங்கேயே இருந்ததுதானே!"

அம்மா எனக்குக் கொடுத்த பரிசுகளில் இதுதான் பெரியது. ஆனால் அதை அவளிடம் சொன்னால் புரியாது.

"ஒரே டேக்காமே?" என்று சித்தப்பா தங்கையைக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள்.

"ஒரே டேக்தான் சித்தப்பா. நான் விசாரிச்சேன்" என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் இன்னமும் நடுங்கிக்கொண்டிருந்தன. அந்த நடுக்கம் எனக்கு அத்துப்படி. கீழே இறங்கி, வலப்பக்கம் போய், நுனியில் சின்னதாக ஒரு கொக்கி.