யாரைக் கேட்டு எடுத்தீங்க?

எங்கள் முதலாளி செல்லதுரை சார் திருச்சியில் மூன்று நாள் தலைமைப் பண்புப் பயிற்சி முடித்துவிட்டு வந்திருந்தார். சனிக்கிழமை மதியம் சூப்பர்வைசர்கள் எல்லாரையும் பேக்கிங் கூடத்தில் உட்கார வைத்தார். கையில் மைக். இருப்பது பதினொரு பேர், இதற்கு மைக் எதற்கு? எனக்கு அப்போதே எரிந்தது.

ஜெயங்கொண்டத்துக்கு வெளியே முந்திரி ஆலை எங்களுடையது. நான் புவனேஸ்வரி, உடைக்கும் பிரிவுக்குப் பொறுப்பு. என் பக்கத்தில் அனிதா, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் ஒரு கடிதம். டிரையரில் பருப்பு கருகியது தன் தவறுதான் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, கூட்டம் முடிந்ததும் அவள் வேலையை விட்டுப் போக வேண்டும். அந்தக் கடிதத்தை சாரே எழுதிக் கொடுத்திருந்தார்.

நடந்தது இதுதான். உடைத்த பருப்பை டிரையரில் காய வைப்போம். கையில் வைத்துத் தேய்த்தால் தோல் உதிர வேண்டும். அந்தப் பதத்தில் தட்டை வெளியே எடுத்துவிட வேண்டும். அனிதாவுக்கு அந்தப் பதம் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். ஆனால் டிரையர் கதவில் ஒரு அட்டை தொங்குகிறது: 'சார் ஓகே இல்லாமல் தட்டு எடுக்கக் கூடாது'. பருப்பைப் படம் எடுத்து அவருக்கு வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும். அவர் 'ஓகே' என்று போட வேண்டும். போன மார்ச்சில் மலர்க்கொடி கேட்காமல் எடுத்தாள். பருப்பு நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அவளை டிரையரிலிருந்து தூக்கி, முந்திரி ஓடு அள்ள அனுப்பினார்.

பருப்பு கருகிய அன்றைக்கு அனிதா நாலு படம் அனுப்பி, ஒன்பது தடவை போன் போட்டாள். சார் பயிற்சியில் இருந்தார், போனை அணைத்துவிட்டார். ஒரு லோடு பருப்பும் பழுப்பேறிப் போனது.

இப்போது அவர் கதை சொன்னார். "ஒரு பண்ணையாரு வெளியூர் போனாரு. போகும்போது மம்பட்டியை வேலையாள் கையில குடுத்து, நான் வர்ற வரைக்கும் இது உன் வயலுன்னாரு. அன்னைக்கே பெருமழை. பயிர் முழுகுது. வேலையாள் யாரையும் கேக்கல, வரப்பை வெட்டி தண்ணிய வெளிய விட்டான். பண்ணையாரு திரும்பி வந்து என்ன கேட்டாரு தெரியுமா? யாரைக் கேட்டு வெட்டினேன்னா கேட்டாரு? இல்ல. சாப்பிட்டியாப்பான்னு கேட்டாரு. அதுதான் நம்பிக்கை. பொறுப்பைக் குடுத்தா முழுசா குடுக்கணும்."

எல்லாரும் கை தட்டினார்கள். அனிதா கூடத் தட்டினாள், பாவி. இந்த மனுஷனா அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுத்தது?

சாருக்கு முன்னால் மேசைமேல் அவர் போன், சத்தம் இல்லாமல் மின்னி மின்னி அணைந்தது. முதல் வரிசையில் இருந்த எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. இலக்கியா. அனிதா இடத்தில் டிரையரைப் பார்க்கிறவள். ஒரு படம். இன்னொரு படம். அப்புறம் அழைப்பு. சார் போனைத் திருப்பிப் போட்டுவிட்டு, "நம்பிக்கைன்னா என்னன்னா..." என்று தொடர்ந்தார்.

பருப்பு வாசனை கூடத்துக்குள் வந்தது. பதம் தாண்டப் போகிற வாசனை.

நான் எழுந்தேன். "அனிதா, வா."

"அக்கா, வேணாம்க்கா..."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். டிரையர் கதவருகே இலக்கியா போனைக் கையில் வைத்துக்கொண்டு அழும் நிலையில் நின்றிருந்தாள். அனிதா ஒரு பருப்பை எடுத்துத் தேய்த்தாள். தோல் பொலபொலவென்று உதிர்ந்தது. அதற்குமேல், எடுக்கலாமா என்று அவள் என்னைப் பார்க்கவே இல்லை. இருபது தட்டையும் மூவருமாக இழுத்து வெளியே வைத்தோம். பருப்பு வெள்ளையாக இருந்தது.

பின்னாலேயே சார் ஓடி வந்தார். மைக் இன்னும் கையில்தான் இருந்தது, அணைக்கவும் இல்லை. பின்னால் மற்ற சூப்பர்வைசர்கள்.

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

ஆலை முழுக்கக் கேட்டது. ஓடு அள்ளும் இடத்தில் மலர்க்கொடி நிமிர்ந்து பார்த்தாள். சார் தன் குரலைத் தானே கேட்டார். கேட்டதும் அவர் முகம் மாறியது.

அனிதா இடுப்பில் செருகியிருந்த அந்தக் கடிதத்தை எடுத்தாள். அதுவரை குனிந்தே இருந்தவள், நேராகப் பார்த்துக் கேட்டாள்: "கதையில வேற கேள்வில்ல சார் கேட்டாங்க?"

சார் மைக்கை அணைத்தார். கை நீட்டி அவளிடமிருந்து கடிதத்தை வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "திங்கக்கிழமை டிரையருக்கு வந்துடு" என்று மட்டும் சொன்னார். மன்னிப்பு என்ற வார்த்தையை அந்தப் பயிற்சியில் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது.

நான் நன்றி சொல்லவில்லை. கோபமும் தணியவில்லை. கதவில் தொங்கிய அட்டையை, யாரையும் கேட்காமல், நானே கழற்றி எடுத்தேன்.